முதல் ஊசியிலிருந்து கரு வைக்கும் நாள் வரை: ஐவிஎஃப்பில் எண்ணிக்கை எங்கெங்கே குறைகிறது

கேள்வி: எனக்கு 31 வயது, கணவருக்கு 35. கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகிறது. எனக்கு நீர்க்கட்டிப் பிரச்சினை உண்டு, முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் 7 என்று வந்திருக்கிறது. அவருக்கு விந்தணு எண்ணிக்கை 80 லட்சம்தான். மூன்று தடவை ஐயூஐ செய்தும் நிற்கவில்லை. இப்போது ஐவிஎஃப் என்கிறார்கள். ஊசி ஆரம்பிப்பதிலிருந்து கரு வைக்கிற வரை என்னென்ன நடக்கும், எங்கே சிக்கல் வரும் என்று யாராவது விளக்கமாகச் சொல்ல முடியுமா?

பதில்:

நான் கருவியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. அதனால் கீழே வரும் மருந்து அளவுகளை உங்கள் டாக்டரிடம் கேள்வி கேட்க உதவும் விவரமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஸ்கேனில் முட்டை வளரும் சிறு நீர்ப்பைகளான ஃபாலிக்கிள்கள் இருபது தெரிந்தால் இருபது கரு கிடைக்காது. எந்தக் கட்டத்தில் அளவுக்கு மீறிக் குறைந்தது என்று பார்த்துத்தான் அடுத்த முறை எதை மாற்றுவது என்று முடிவு செய்வார்கள். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிக்கையைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மாதவிலக்கான இரண்டாவது அல்லது மூன்றாவது நாள் ஸ்கேன் பார்த்துவிட்டு ஊசி ஆரம்பிப்பார்கள். சாதாரண மாதத்தில் சினைப்பையில் பல ஃபாலிக்கிள்கள் ஒன்றாக வளரத் தொடங்கும். சில நாளில் உடம்பில் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் குறையும்போது ஒன்று மட்டும் தாக்குப்பிடித்து வளரும், மற்றவை சுருங்கி அழிந்துவிடும். நாம் தினமும் போடும் ஊசியும் அதே எஃப்எஸ்ஹெச்தான். அது குறையாமல் பார்த்துக்கொள்வதால், அந்த மாதம் எப்படியும் அழியப்போகிற ஃபாலிக்கிள்களும் சேர்ந்து வளர்கின்றன. "இத்தனை முட்டையை இப்போதே எடுத்துவிட்டால் பின்னால் சீக்கிரம் தீர்ந்துபோகாதா?" என்று பலர் பயப்படுகிறார்கள். தீராது. அடுத்த மாதங்களுக்கான இருப்பை இந்த ஊசி தொடுவதில்லை.

உங்களைப் போல ஏஎம்ஹெச் அதிகமாக உள்ளவர்களுக்கு எண்ணிக்கை வரவில்லையே என்ற கவலை குறைவு, அளவுக்கு மீறி வந்துவிடுமோ என்ற கவலைதான் அதிகம். அதனால் வழக்கமாக 150 யூனிட் அல்லது அதற்கும் சற்றுக் குறைவாகத் தொடங்குவார்கள். இருப்பு குறைந்தவர்களுக்கு 300 யூனிட் வரை போவதுண்டு. பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் அளவோடு உங்கள் அளவை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. தொப்புளுக்குக் கீழே, சற்றுத் தள்ளி, கொழுப்புள்ள இடத்தில் மெல்லிய ஊசியால் போடுவது. ஒரு தடவை நர்ஸ் காட்டிக் கொடுத்தால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். கணவரும் பழகிக்கொண்டால் நல்லது. சில மருந்துகளை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஆனால் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. கோடையில் பஸ்ஸில் ஊருக்கு எடுத்துப்போவதானால் ஐஸ் பை வேண்டும்.

ஊசி தொடங்கி ஐந்தாறு நாள் ஆனதும் மறுபடி ஸ்கேன், அப்புறம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. அந்த நேரத்தில், முட்டை தானாக வெடித்து வெளியேறிவிடாமல் தடுக்க இரண்டாவதாக ஒரு ஊசி சேரும். செட்ரோரெலிக்ஸ் என்ற மருந்தை 0.25 மில்லிகிராம் தினமும் போடுவது வழக்கம். இந்த முறைக்கு ஆன்டகோனிஸ்ட் புரோட்டோகால் என்று பெயர். கருவை உடனே வைக்கப்போவதில்லை, உறைய வைக்கப்போகிறோம் என்று முன்பே முடிவாகிவிட்டால், இந்த ஊசிக்குப் பதிலாக மெட்ராக்சிபுரொஜெஸ்டிரோன் மாத்திரையே போதும் என்று பல மையங்கள் கொடுக்கின்றன. செலவும் குறையும், ஊசி எண்ணிக்கையும் குறையும். உங்கள் விஷயத்தில் இது சாத்தியமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஃபாலிக்கிள்கள் தினமும் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். மூன்று ஃபாலிக்கிளாவது 17, 18 மில்லிமீட்டரைத் தொட்டதும் டிரிகர் ஊசி. பொதுவாக இதற்கு எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும்.

டிரிகரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இந்த ஒரு ஊசியில்தான் பாதுகாப்பே இருக்கிறது. ஃபாலிக்கிளுக்குள் இருக்கும் முட்டை அதுவரை முதிராமல்தான் இருக்கும். டிரிகர் போட்ட பிறகுதான் அது கடைசிக்கட்ட முதிர்ச்சி அடைந்து, பாதி குரோமோசோம்களை வெளித்தள்ளி, விந்தணுவுக்குத் தயாராகும். இதற்கு ஏறக்குறைய 35, 36 மணி நேரம் வேண்டும். இன்றிரவு 10 மணிக்கு ஊசி என்றால் நாளை மறுநாள் காலை 9, 10 மணிக்கு முட்டை எடுப்பார்கள். அதனால்தான் மணியைக் குறித்துக் கொடுக்கிறார்கள். சீக்கிரம் எடுத்தால் முட்டை முதிராமல் இருக்கும், ரொம்பத் தாமதமானால் வெடித்து வெளியேறிவிடும். ஊசி போட ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டால் மறைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். தியேட்டர் நேரத்தை மாற்றிக்கொள்வார்கள். யாரும் திட்ட மாட்டார்கள், திட்டினாலும் பரவாயில்லை.

டிரிகரில் இரண்டு வகை உண்டு. பழைய வகை ஹெச்சிஜி. அது ரத்தத்தில் ஒரு வாரம் வரை தங்கிச் சினைப்பையைத் தூண்டிக்கொண்டே இருக்கும். இருபது ஃபாலிக்கிள் வளர்ந்த சினைப்பைக்கு இது ஆபத்து. ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும், ரத்தம் கெட்டியாகும். ஓஹெச்எஸ்எஸ் என்பார்கள், மோசமானால் ஐசியூ வரை கொண்டுபோகும். இன்னொரு வகை டிரிப்டோரெலின் போன்ற அகோனிஸ்ட் ஊசி. இது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியைத் தட்டி எழுப்பி உங்கள் சொந்த எல்ஹெச் ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. அந்த அலை ஒன்றரை நாளுக்குள் அடங்கிவிடுவதால் மேற்சொன்ன ஆபத்து பெருமளவு குறைகிறது. ஆனால் கருப்பையைத் தாங்கும் ஹார்மோனும் அதோடு சேர்ந்து குறைந்துவிடுவதால் அந்த மாதமே கரு வைத்தால் ஒட்டும் வாய்ப்பு குறையும். ஆகவே கருக்கள் எல்லாவற்றையும் உறைய வைத்துவிட்டுப் பிறகு ஒரு மாதத்தில் வைப்பார்கள். "எனக்கு எந்த டிரிகர்?" என்று டாக்டரிடம் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். அபூர்வமாகச் சிலருக்கு அகோனிஸ்ட் ஊசிக்குப் பிட்யூட்டரி சரியாகப் பதில் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க மறுநாள் காலை ரத்தத்தில் எல்ஹெச் பார்க்கும் மையங்கள் உண்டு.

முட்டை எடுக்கும் நாள் வெறும் வயிற்றோடு போக வேண்டும். மயக்க மருந்து கொடுத்துவிடுவதால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் கருவியை வைத்து, அதோடு இணைந்த நீண்ட ஊசியால் ஒவ்வொரு ஃபாலிக்கிளாகக் குத்தி நீரை உறிஞ்சுவார்கள். வயிற்றில் தையலோ வெட்டோ கிடையாது. இருபது நிமிடம், அதிகம் போனால் அரை மணி. அந்த நீர் வெதுவெதுப்பான குழாய்களில், வைக்கோல் நிறத்திலோ ரத்தம் கலந்தோ, சுவரை ஒட்டிய எங்கள் அறைக்கு வரும். தட்டில் ஊற்றி மைக்ரோஸ்கோப்பின் கீழ் தேடுவோம். முட்டையைச் சுற்றி வழுவழுப்பான செல்கூட்டம் ஒட்டியிருக்கும், பழகிய கண்ணுக்கு அது வெறும் பார்வையிலேயே சிறு சளித்துளி போலத் தெரிந்துவிடும். "எக்" என்று குரல் கொடுப்போம், தியேட்டரில் எண்ணிக்கொள்வார்கள். எல்லா ஃபாலிக்கிளிலிருந்தும் முட்டை வராது.

அதே காலை உங்கள் கணவர் விந்து மாதிரி கொடுக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு மூன்று நாள் இடைவெளி போதும், பத்து நாள் சேர்த்து வைப்பது தரத்தைக் கெடுக்கும். அந்த நேரத்துப் பதற்றத்தில் சிலருக்கு வராமலே போகும். அந்தச் சந்தேகம் இருந்தால் முன்பே ஒரு மாதிரியை உறைய வைத்துவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகிறது. சிகரெட்டை நிறுத்துவது, குடியைக் குறைப்பது எல்லாம் முட்டை எடுக்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கினால்தான் அந்த மாதிரியில் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ் வரம்பு ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம். உங்கள் கணவரின் எண்ணிக்கை அதில் பாதி என்பதால் அநேகமாக இக்சி செய்வார்கள். சாதாரண ஐவிஎஃப்பில் ஒரு தட்டில் முட்டையையும் பல ஆயிரம் விந்தணுக்களையும் சேர்த்து விட்டுவிடுவோம். இக்சியில் நாங்களே ஒரு விந்தணுவைத் தேர்ந்தெடுத்து, வாலைத் தட்டி அசையாமல் செய்து, கண்ணாடி ஊசியால் முட்டைக்குள் செலுத்துவோம். முட்டையின் சவ்வு சட்டென்று கிழியாது. ஊசி முனை தள்ளத் தள்ள உள்ளே குழிந்துகொண்டே போகும், மெல்ல உறிஞ்சினால் ஒரு கணத்தில் விட்டுக்கொடுக்கும். அந்தக் கணத்தில் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு விந்தணுவை உள்ளே விட வேண்டும். கவனமாகச் செய்தாலும் ஒன்றிரண்டு முட்டை சிதைந்துபோவதுண்டு.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். உங்களைப் போன்ற ஒருவருக்குக் கடைசி ஸ்கேனில் 24 ஃபாலிக்கிள் தெரிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது 18 முட்டை. சுற்றியுள்ள செல்களை நீக்கிப் பார்த்தால் முதிர்ந்தவை 14. இக்சி அந்த 14க்குத்தான், முதிராததில் செய்து பயனில்லை. மறுநாள் காலை, 16 முதல் 18 மணி நேரம் கழித்து, தட்டை எடுத்துப் பார்ப்போம். சரியாகக் கருவுற்ற முட்டைக்குள் இரண்டு சிறு வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், ஒன்று அம்மாவுடையது, மற்றது அப்பாவுடையது. அப்படி 10 கிடைக்கும். மூன்று வட்டம் தெரிந்தால் அது ஒதுக்கப்படும். மூன்றாம் நாள் 9 கருக்கள் ஆறு, எட்டு செல்லாகப் பிரிந்திருக்கும். ஐந்தாம், ஆறாம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு வந்து உறைய வைக்கத் தகுதியானவை 4. இருபத்துநான்கில் ஆரம்பித்து நான்கு! கேட்கும்போது வயிறு கலங்கும், ஆனால் இது நல்ல முடிவு. இதே வயதில் இதைவிடக் குறைவாக வருவதும் உண்டு.

இப்போது, அளவுக்கு மீறிக் குறைந்தால் என்ன அர்த்தம்? பதினெட்டு முட்டையில் பத்து முதிராமல் இருந்தால் சந்தேகம் டிரிகர் மேல் விழும். நேரம் தவறியதா, மருந்து வேலை செய்யவில்லையா, ஃபாலிக்கிள்கள் சின்னதாக இருக்கும்போதே போட்டுவிட்டார்களா என்று பார்ப்பார்கள். முதிர்ந்தவை நிறைய இருந்தும் இக்சிக்குப் பிறகு ஒன்றிரண்டுதான் கருவுற்றன என்றால், விந்தணு முட்டையைத் தூண்டவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்த முறை அதற்கென்று தூண்டும் திரவம் பயன்படுத்தலாம். கருவுறுதல் நன்றாக நடந்து, மூன்றாம் நாளுக்குப் பிறகு எல்லாம் நின்றுபோனால் கதை வேறு. முதல் மூன்று நாள் கரு ஓடுவது பெரும்பாலும் முட்டையில் இருந்த சேமிப்பில்தான். அதன்பின்தான் கருவின் சொந்த மரபணுக்கள், அப்பாவுடையது உட்பட, வேலையை எடுத்துக்கொள்கின்றன. அங்கே நின்றால் முட்டையின் தரம், விந்தணுவின் டிஎன்ஏ சேதம், குரோமோசோம் கோளாறு மூன்றையும் யோசிக்க வேண்டும். "கரு நல்லா வரலைம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடும் மையத்தில் இந்த எண்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு டாக்டரிடம் போனாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

முட்டை எடுத்த பிறகு ஒரு வாரம் தினமும் காலையில் எடை பாருங்கள். லேசான உப்புசமும் வலியும் இருக்கும், அது சகஜம். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால், வயிறு இறுகிப் பெருத்தால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம், இரவானாலும் போய்விடுங்கள்.

கருவை உறைய வைப்பது என்றதும் வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். விட்ரிஃபிகேஷன் முறையில் கருவை, பனிப்படிகம் உருவாக நேரமே கொடுக்காமல், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சட்டென்று இறக்குகிறோம். கைதேர்ந்த ஆய்வகத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நல்லபடியாக மீண்டு வரும். நீர்க்கட்டி உள்ளவர்களை வைத்தே சீனாவில் 1,508 பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2016இல் முடிவு வெளியானது. முதல் முறை கரு வைத்ததில் குழந்தை பிறந்தது, உறைய வைத்த குழுவில் 49.3 சதவீதம், உடனே வைத்த குழுவில் 42 சதவீதம். ஓஹெச்எஸ்எஸ் வந்தது, உறைய வைத்த குழுவில் 1.3 சதவீதம், உடனே வைத்த குழுவில் 7.1 சதவீதம். ஆனால் உறைய வைத்த குழுவில் கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறான ப்ரீஎக்லாம்ப்சியா அதிகம், 1.4க்கு எதிராக 4.4 சதவீதம். அதனால் உங்களுக்கு உறைய வைப்பது பொருத்தம்தான், ஆனால் கர்ப்பம் தரித்தால் பிபி விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

மூத்த தலைமுறைக்குச் சொல்ல ஒரு விவரம். 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை, ஊசி எதுவும் இல்லாமல் இயற்கையாக வந்த ஒற்றை முட்டையில் பிறந்தது. கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி, ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, கருவை உறைய வைத்துப் பிறகு கருப்பையில் வைத்ததில் அதே ஆண்டு அக்டோபரில் ஒரு குழந்தை பிறந்தது. அன்றைக்கு அவரை நம்ப மறுத்தார்கள். இன்று உங்களுக்குச் செய்யப்போவது கிட்டத்தட்ட அவருடைய வழிதான்.

கரு வைக்கும் மாதத்துக்கு வருவோம். கருப்பையின் உள்சுவரைத் தயார் செய்ய இரண்டு வழி உண்டு. மாதவிலக்கின் தொடக்கத்திலிருந்து ஈஸ்ட்ரோஜென் மாத்திரை, பெரும்பாலும் தினம் 6 மில்லிகிராம், கொடுத்துச் சுவரை வளர்ப்பது ஒன்று. லெட்ரோசோல் மாத்திரை கொடுத்து உங்கள் முட்டையையே வெடிக்க வைத்து, அதன் பின் கணக்கிட்டு வைப்பது இன்னொன்று. முதல் வழி மருத்துவமனைக்கு வசதி, தேதியை நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் முட்டை வெடிக்காத மாதத்தில் கரு வைத்தால் மேலே சொன்ன ப்ரீஎக்லாம்ப்சியா கூடுதலாக வருவதாகத் தெரிகிறது. உங்களுக்கு முட்டை வெடிக்க வைக்க முடியும் என்றால் இரண்டாவது வழியைக் கேட்டுப் பார்ப்பது என் அபிப்பிராயம்.

சுவர் 7 மில்லிமீட்டருக்கு மேல், ஸ்கேனில் மூன்று கோடுகளாகத் தெரிய வேண்டும். மாத்திரை வழியில் அதன் பிறகு புரொஜெஸ்டிரோன் தொடங்குவார்கள். ஐந்து நாள் முழுசாக முடிந்து ஆறாம் நாள் கரு வைப்பது வழக்கம். ஐந்து நாள் வயதுள்ள கருவுக்கு ஐந்து நாள் புரொஜெஸ்டிரோன் பார்த்த சுவர் வேண்டும் என்பதுதான் கணக்கு. இந்தப் புரொஜெஸ்டிரோனில் ஒரு வேளை தவறினாலும் சொல்லிவிடுங்கள்.

வைக்கும் நாளன்று மயக்க மருந்து வேண்டாம். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கச் சொல்வார்கள், அப்போதுதான் வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்தால் கருப்பை தெளிவாகத் தெரியும். காலையிலேயே கருவை உருக்கி, அது மறுபடி விரிகிறதா என்று பார்த்துவிடுவோம். உங்கள் பெயரையும் கணவர் பெயரையும் வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்ப்போம், சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். மெல்லிய குழாயின் நுனியில் ஒரு துளி திரவத்தில் கரு இருக்கும், இரு பக்கமும் சிறு காற்றுக்குமிழி. திரையில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளி ஒன்று கருப்பைக்குள் விழுவது தெரியும். அது காற்றுதான், கரு கண்ணுக்குத் தெரியாது. பிறகு குழாயை எங்களிடம் திருப்பித் தருவார்கள், கரு அதிலேயே ஒட்டிக்கொண்டதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து "கிளியர்" என்று சொல்வோம். அதன் பிறகுதான் டாக்டர் எழுந்திருப்பார்.

ஒன்று வைப்பதா இரண்டு வைப்பதா என்பதில் உங்கள் வயதுக்கு என் பதில் ஒன்று. இந்த வயதில் ஒரு நல்ல பிளாஸ்டோசிஸ்ட் வைத்தால் பத்தில் நான்கைந்து பேருக்குக் கர்ப்பம் நிற்கும். இரண்டு வைத்தால் அது இரட்டிப்பாகாது, இரட்டைக் குழந்தையும் குறைப்பிரசவமும்தான் கூடும். மீதி மூன்று உறைந்த நிலையில் இருக்கும். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகபட்சம் பத்து வருஷம் வைத்திருக்கலாம். வருஷ வாடகை எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். ஊசி, இக்சி, உறைய வைப்பது, பின்னால் கரு வைப்பது எல்லாவற்றுக்கும் தனித்தனி பில் போடும் இடங்கள் உண்டு. வெற்றி விகிதம் சொன்னால், அது ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தவர்களா, குழந்தை பெற்று வீட்டுக்குப் போனவர்களா என்று கேளுங்கள். குரோமோசோம் பரிசோதனையைக் கூடுதலாகச் செய்யச் சொன்னாலும் 31 வயதில் அது வழக்கமாகத் தேவைப்படுவதில்லை.

கரு வைத்துவிட்டு இரண்டு வாரம் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. எழுந்து நடந்தால் கரு கீழே விழுந்துவிடாது. கனமான வேலையை மட்டும் தள்ளிவைத்துவிட்டு வழக்கம்போல் இருங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அதற்குள் லேசாக ரத்தக்கசிவு தெரிந்தால், "போச்சு" என்று நினைத்துப் புரொஜெஸ்டிரோனை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பம் நின்றவர்களுக்கும் அப்படிக் கசிவு வருவதுண்டு. மாத்திரை வழியில் வைத்த கருவுக்கு அந்த நேரத்தில் புரொஜெஸ்டிரோன் வருவது அந்த மருந்திலிருந்து மட்டும்தான், உங்கள் சினைப்பை அந்த மாதம் அதைச் சுரக்கவில்லை.